ஓ நெகடிவ், பதினொன்று

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை மதியம், எனக்குக் கை நடுங்குகிறது. எழுபத்து மூன்று வயதாகிறது. நடுக்கத்துக்கு வயதைக் காரணமாகச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மற்ற நாட்களில் அது இல்லை. நெமிலிச்சேரியில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள். அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு அந்த நாளில்தான் வரும். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா என்பது அந்த முடிவில் வரும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் அங்கே இருப்பதற்கே காரணம் நான். இதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் முப்பது வருடம் வேலை செய்தேன். கிடங்கில் எத்தனை போல்ட், எத்தனை பேரிங் இருக்கிறது என்று கணக்கு வைக்கிற பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு கள்ளிக்குப்பத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினேன். எங்கள் பகுதியில் ரத்த தானம் செய்கிறவர்களுக்காக ஒரு கைப்பேசிக் குழு இருந்தது. டெங்கு வருகிற மாதங்களில் நாள் முழுவதும் அதில் ஒரே கூக்குரல். எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பாதி பழைய செய்தியாக இருக்கும்.

மாவட்ட வாரியாக ரத்த வங்கிகளின் கையிருப்பைக் காட்டும் பொது இணையப் பக்கம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ரத்த வங்கி. அதற்கு எதிரே ஏ பாசிடிவ், ஏ நெகடிவ், பி பாசிடிவ், பி நெகடிவ், ஓ பாசிடிவ், ஓ நெகடிவ், ஏபி பாசிடிவ், ஏபி நெகடிவ் என்று எட்டுப் பத்திகளில் எத்தனை பை இருக்கிறது என்ற எண். சின்னத் திரையில் அதைப் பார்ப்பது சிரமம். விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நானே ஒரு கணினி நிரல் எழுதினேன். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நான்கு வேளை அது தானாக எழுந்து அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்து, நம் பக்கத்து ரத்த வங்கிகளை மட்டும் பிரித்து, படிக்கச் சுலபமான பட்டியலாகக் குழுவுக்கு அனுப்பிவிடும்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். தானியங்கி நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடக்கூடாது என்று இணையதளங்கள் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்திருக்கும். அதைப் படித்தேன். தடை எதுவும் இல்லை. நான்கு வேளைக்கு மேல் அந்தத் தளத்தைத் தொந்தரவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். நான் யார் என்று தெரியும்படி என் மின்னஞ்சல் முகவரியையும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பினேன். இதெல்லாம் மரியாதை. ஆனால் தடை இல்லை என்பதை அனுமதியாகவும், அனுமதி இருக்கிறது என்பதை அந்த வேலைக்கு நான் தகுதியானவன் என்பதாகவும் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் வழுக்கியது.

அந்த முதல் நிரல் பத்திகளின் தலைப்பைப் படித்துத்தான் எண்ணை எடுக்கும். ‘ஓ நெகடிவ்’ என்ற தலைப்பு எங்கே இருக்கிறதோ அதன் கீழே உள்ள எண். தலைப்பு இல்லையென்றால் நின்றுவிடும். அது சரியான முறை. ஆனால் அந்தத் தளத்தில் அடிக்கடி தலைப்பை மாற்றினார்கள். ஒருநாள் நடுவில் ஒரு கோடு, இன்னொரு நாள் ஓர் இடைவெளி, பிறகு சுருக்கெழுத்து. ஒரே மாதத்தில் மூன்று முறை நிரல் நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும் குழுவில் ‘சார், லிஸ்ட் வரலியே’ என்று கேட்டார்கள். எனக்கு மானம் போவதுபோல் இருந்தது.

ஒரு மதியம் உட்கார்ந்து இரண்டு மாற்றம் செய்தேன். தலைப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பத்தியை எண்ணி எடுக்கச் சொன்னேன். வங்கியின் பெயருக்கு அடுத்த முதல் பத்தி ஏ பாசிடிவ், ஆறாவது ஓ நெகடிவ், இப்படி. இரண்டாவது மாற்றம்தான் பாவம். எண் இருக்கவேண்டிய கட்டத்தில் எண்ணாகப் படிக்கமுடியாத ஏதாவது இருந்தால், நிற்காமல் சுழியம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகச் சொன்னேன்.

இது தெரியாமல் செய்த தவறு இல்லை. தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை செய்தவர்களை இதற்காகவே நான் திட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சுழியம். எண்ணவே இல்லை என்றால் காலியாக விடு. இரண்டும் ஒன்றல்ல. அப்படிச் சொன்ன வாய் இது. அறுபத்தொன்பதாவது வயதில், ‘லிஸ்ட் வரலியே’ என்ற ஒரு கேள்விக்குப் பயந்து, அதையே செய்தேன். அதன் பிறகு பட்டியல் ஒருநாளும் நிற்கவில்லை. குழுவில் கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் பொறுப்பாக இருந்த அம்மாள், எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்து ஒருமுறை கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும் என்று குரலில் தெரிந்தது. என் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நேராக வந்து நிற்கிறார்கள், நாங்கள் அந்த எண்களைக் காலையில் ஒருமுறைதான் கையால் ஏற்றுகிறோம், அதில் ஏற்கெனவே வேறு நோயாளிக்கு ஒதுக்கிய பைகளும் சேர்ந்திருக்கும், தயவுசெய்து நிறுத்துங்கள் என்றார். பொதுப்பக்கத்தில் இருப்பதைத்தானே சொல்கிறேன் அம்மா, நான் வெறும் தபால்காரன் என்றேன்.

“பக்கத்த பாக்கறவங்க கீழ இருக்கிற போன் நம்பரயும் பாப்பாங்க சார்,” என்றார். “போன் பண்ணிட்டு வாங்கன்னு அங்க போட்டிருக்கு. உங்க லிஸ்ட்ல அது இல்ல.”

உண்மைதான். பட்டியல் நீளமாகிவிடும் என்று நான்தான் அதை வெட்டியிருந்தேன். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பார்க்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

பாரிவாக்கத்தில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவருவார். நாற்பது வயது. நிலத்தில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மிச்சத்தில் ஆழ்குழாய்க் கிணறும் இரண்டு லாரியும். எங்கள் குழுவில் தவறாமல் ரத்தம் கொடுக்கிறவர். என்னை ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுவார். அப்பா வயது எனக்கு என்று யாரோ சொன்னதற்கு, அப்பான்னு கூப்பிட்டா காசு கேக்கறாமாதிரி கீது என்று சிரித்தவர்.

அவருடைய தங்கையை நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தது. முதல் பிரசவம், ஆவடியில் ஒரு சிறிய மருத்துவமனை. அன்று மதியம் ஒரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகடிவ். அவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்த ஒரு பையை ஏற்றியாகிவிட்டது. உடனே இன்னும் இரண்டு பை வேண்டும் என்றார் டாக்டர்.

இரண்டே முக்காலுக்கு என் கைப்பேசி அடித்தது.

“அண்ணாத்தே, லிஸ்ட்ல பூந்தமல்லிக்கு அந்தாண்ட பதினொண்ணு கீதுன்னு போட்டுகீது. போலாமா?”

நான் பட்டியலைத் திறந்தேன். இரண்டு மணிப் பட்டியல், புத்தம் புதியது. முன்பு என்னைக் கூப்பிட்ட அந்த அம்மாளின் மருத்துவமனைக்கு எதிரே, ஓ நெகடிவ், பதினொன்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் நிரல் ஓர் உயிரைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்தேன்.

“பதினொண்ணு இருக்குப்பா. யோசிக்காம போ,” என்றேன்.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயங்கள் மூன்று. ஒன்று, ஓ நெகடிவ் அபூர்வம். அதில் ஒரே வங்கியில் பதினொரு பை இருந்ததை என் பட்டியல் அதுவரை காட்டியதே இல்லை. இரண்டாவது, அன்று பத்து மணிப் பட்டியல் வந்ததும் குழுவில் ஒருவர், இன்னா சார், ஏ பாசிடிவ் எங்கியுமே இல்லியா என்று கேட்டிருந்தார். டெங்கு நேரம் அப்படித்தான் இருக்கும் என்று படிக்காமலே பதில் போட்டிருந்தேன். மூன்றாவது, பட்டியலை ஒரு நிமிடம் கண்ணால் பார்த்திருந்தாலே போதும்: ஏ நெகடிவும் பி நெகடிவும் எங்கும் ஏராளம், சாதாரணமாகக் கிடைக்கும் வகைகள் பஞ்சம். உலகம் தலைகீழாக இருந்தது. நான் பார்க்கவில்லை. நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. தானாக வருவதை அவன் படிப்பதில்லை.

அவர் ரத்த மாதிரிக் குப்பியையும் டாக்டர் கொடுத்த சீட்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி. தூரம் அதிகமில்லை, ஆனால் பூந்தமல்லிப் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பயம் இல்லை. பெருமைதான் இருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டார். பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம். “இங்க ஓ நெகடிவே இல்லியாம். பாசிடிவ்தான் பதினொண்ணு கீதாம். நெட்ல போட்டுட்டு இல்லன்றாங்கோ.”

பதினொன்று. அந்த எண்தான் என்னை உலுக்கியது. எண் சரியாக இருந்து வகை மட்டும் எப்படித் தவறும்?

வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் என் கண்ணால் திறந்து பார்த்தேன். அட்டவணையில் ஒரு பத்தி கூடியிருந்தது. வங்கியின் பெயருக்கும் ஏ பாசிடிவுக்கும் நடுவில், இருப்பது முழு ரத்தமா, பிரித்த சிவப்பணுவா என்று எழுத்தில் சொல்லும் புதிய பத்தி. காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் சேர்த்திருக்கிறார்கள். உபயோகமான மாற்றம்தான். யார் மேலும் குறையில்லை. என் நிரல் அந்தப் புதிய பத்தியை ஏ பாசிடிவ் என்று எடுத்துக்கொண்டது. அதில் எண் இல்லை, எழுத்து இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே சுழியம் போட்டுக்கொண்டு மேலே போனது. அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கட்டம் தள்ளி. ஓ பாசிடிவின் எண் ஓ நெகடிவ் என்று வந்தது.

சுழியம் போடாமல் நின்றிருந்தால் பத்து மணிக்கே நின்றிருக்கும். ‘லிஸ்ட் வரலியே’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பிறகு இன்னொன்றைப் பார்த்தேன். அதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அம்பத்தூரில் ஒரு ரத்த வங்கி, ஆவடியிலிருந்து இருபது நிமிடம். அங்கே ஓ நெகடிவ் இரண்டு பை. என் பட்டியலில் அந்த இரண்டு, ஒரு கட்டம் தள்ளி, ஏபி பாசிடிவ் என்று போயிருந்தது. அவளுக்கு வேண்டிய இரண்டையும் நான் வேறு பெயரில் மறைத்துவைத்திருந்தேன்.

பக்கத்தின் கீழே இருந்த அந்த வங்கியின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் பொறுமையாகச் சொன்னான். இரண்டு பை இருந்தது சார், மூன்றே காலுக்குத்தான் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம். நான் இரண்டே முக்காலுக்கு அம்பத்தூர் என்று சொல்லியிருந்தால் அவர் மூன்றே காலுக்கு முன்பே அந்த வாசலில் நின்றிருப்பார். தளத்தின் அட்டவணையில் மிச்சமிருந்த ஒரே ஓ நெகடிவ் பை நகரத்தின் மறுகோடியில் இருந்தது.

அதற்குள் பூந்தமல்லியில் அந்த அம்மாளே ஆவடி டாக்டரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெகடிவ் உள்ளவருக்கு பாசிடிவ் ரத்தம் ஏற்றுவது, வேறு வழியே இல்லாதபோது, உயிரைக் காப்பாற்றச் செய்கிற காரியம். அந்த நேரத்தில் உடம்பு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிறகு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிக்கொள்ளலாம். அடுத்த குழந்தை பாசிடிவாக இருந்தால், தாயின் உடம்பே அதன் ரத்தத்தைத் தாக்கும். ஆவடியில் அவள் புருஷன் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் அவசர முறையில் பொருத்தம் பார்த்து இரண்டு பைகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

என் பட்டியல் ஓ நெகடிவ் என்று பொய் சொன்ன அந்தப் பதினொன்றிலிருந்தே இரண்டு பை அவள் உடம்பில் ஏறியது.

அவள் பிழைத்தாள். ரத்தப்போக்கு ஐந்து மணிக்கு நின்றது. எனக்கு அது ஆறரைக்குத்தான் தெரியவந்தது. அந்த இடைவெளியில் நான் செய்த காரியம் ஒன்று. குழுவில் ஒரு செய்தி போட்டேன்: ‘தளத்தில் இன்று பிழை இருப்பதால் பட்டியலைத் தற்காலிகமாக நிறுத்துகிறேன்.’ தளத்தில் பிழை. என் கையாலேயே தட்டினேன்.

நான்கு நாள் கழித்து தண்ணீர் லாரிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் படத்தைக் காட்டினார். பிறகு, குழுச் செய்திகள் ஒரு நாளில் தானாக அழிந்துவிடுவதால், அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தரச்சொன்னார். பொய்க் கணக்குப் போட்டு ஜனங்களை அலையவிடுகிறார்கள் என்று அந்த ரத்த வங்கி மேல் மனு கொடுக்கப்போகிறாராம். அன்றைக்கே அந்த அம்மாளை அத்தனை பேர் எதிரே கன்னாபின்னா என்று பேசிவிட்டு வந்தாராம். “உன் லிஸ்ட்டுதான் சாட்சி, அண்ணாத்தே,” என்றார்.

அச்சுப்பொறியில் மை இல்லை என்றேன். மை இருந்தது. அடுத்த நாள் கேட்டார், வாங்கவேண்டும் என்றேன். மூன்றாம் நாள், வெளியே கடையில் எடுத்துக்கறேன், போனுக்கு அனுப்பிவுடு என்றார். அன்று முழுக்க நான் கைப்பேசியை அணைத்துவைத்தேன். பயம் என்றால் என்ன என்று எனக்கு அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. அடிப்பார்களோ, போலீசுக்குப் போவார்களோ என்ற பயம் முதலில். பிறகு அதைவிட மோசமானது: யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள் என்ற பயம். தளம் மாறிவிட்டது. நிரல் என்னிடம்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த அம்மாள்தான் குற்றவாளி.

எட்டாம் நாள் காலை பாரிவாக்கம் போனேன். கையில் இரண்டு காகிதம். ஒன்று நான் அனுப்பிய பட்டியல், மற்றது அன்று நான் சேமித்துவைத்த தளத்தின் அட்டவணை. லாரிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. தவறை மெதுவாகச் சொல்லக்கூட வழியில்லை. இரண்டு காகிதத்தையும் லாரியின் பம்பர் மேல் வைத்து, பத்தி எப்படித் தள்ளிப்போனது என்று விரலால் காட்டினேன். அம்பத்தூர் வரிசையையும் காட்டினேன். அதைக் காட்டாமல் வந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

“அப்ப அந்தம்மா பொய் சொல்லல.”

“இல்லை.”

“நான் அவங்கள இன்னா பேச்சு பேசினேன் தெரியுமா.” காகிதத்தைக் கையில் எடுத்தார். “லிஸ்ட்ல போன் நம்பர் போட்டிருந்தா நான் ஒரு போன் அடிச்சிருப்பேன்.” பிறகு தலையை ஆட்டினார். “இல்ல. அடிச்சிருக்க மாட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போயிருப்பேன், சார்.”

சார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அடித்திருந்தால் தேவலை என்று எழுதினால் அது சும்மா அழகுக்கு எழுதுவதாகும். அடிக்கவில்லையே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் அசிங்கமாக இருந்தது.

“ஏறுங்க,” என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். “எங்கிட்ட சொன்னத அவங்களாண்ட வந்து சொல்லுங்க.”

பூந்தமல்லி வரை அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். பிடித்துக்கொள்ள அவர் தோளைத் தொடக் கூச்சமாக இருந்தது. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“படிக்க முடியலன்னா ஏன் சார் சுழியம் போட்டீங்க?”

அவர் கதவுப் பக்கம் கைகாட்டினார்.

“இங்க ஃப்ரிட்ஜோட டெம்பரேச்சர் நேரத்துக்கு நேரம் எழுதணும். ஒரு வேள எடுக்க மறந்துட்டா அந்தக் கட்டத்த காலியா வுட்டு சிவப்புல வட்டம் போடுவோம். அசிங்கமா இருக்கும். மேல இருந்து கேப்பாங்க. ஆனா அந்தக் கட்டத்துல ஒரு நம்பர எழுதிட்டா, உள்ள இருக்கிற அத்தன பையும் சந்தேகம்.” பிறகு லாரிக்காரரைப் பார்த்து, “தங்கச்சி எப்படி இருக்கு?” என்றார். அவர் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றார் அந்த அம்மாள். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

அன்று மாலை குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தளத்தில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று. சிலர் விலகினார்கள். சிலர், பரவாயில்லை சார், சரிசெய்து மறுபடி விடுங்கள் என்றார்கள்.

சரிசெய்தேன், அதையும் சொல்லவேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். எட்டுத் தலைப்பும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் ஒன்றும் அனுப்பாமல் நின்று எனக்கு மட்டும் தகவல் சொல்லும்படி. எண் இல்லாத கட்டத்தைக் காலியாகவே விடும்படி. வழக்கத்துக்கு மாறாக எண் பெருகினாலோ, ஒரு வகை எல்லா இடத்திலும் சுழியமானாலோ நிற்கும்படி. எடுத்த பக்கத்தின் நகலை ஒவ்வொரு முறையும் பத்திரப்படுத்தும்படி. அந்த வாரத்து நகல்களை வைத்தும், நானே பத்திகளை மாற்றிப்போட்ட போலிப் பக்கங்களை வைத்தும் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக நின்றது. என் வாழ்நாளில் எழுதிய நல்ல நிரல்களில் அது ஒன்று.

ஆனால் அதை ஓடவிடவில்லை. நிரல் சரியாகப் படித்தாலும், காலையில் ஏற்றிய எண்ணை மதியம் அவசரத்தில் இருப்பவன் கையில் கொடுப்பது சரியாகிவிடாது. அம்பத்தூரின் அந்த இரண்டு பை மூன்றே காலுக்குப் போய்விட்டது. பக்கத்தில் மாலை வரை இரண்டு என்றே இருந்தது. அந்த அம்மாள் முதல்நாளே சொன்னது இதைத்தான். பக்கத்தின் அமைப்பு மாறாத நாளிலும் நான் செய்தது செய்யக்கூடாத வேலை. இப்போது குழுவில் இருப்பது ரத்த வங்கிகளின் தொலைபேசி எண்கள் மட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் நானே கூப்பிட்டு, எடுக்கிறார்களா என்று பார்க்கிறேன். ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் எடுக்கிற ஒரு நிரல் மட்டும் இன்னும் ஓடுகிறது. அது எனக்காக மட்டும். தவறினால் ஒரு கிழவனின் நோட்டுப் புத்தகம்தான் தவறும்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அந்தப் பெண் குழந்தை பள்ளிக்குப் போகிறது. இந்தத் தடவை தாய்க்கு மூன்றாம் மாதத்திலேயே பரிசோதனை செய்தார்கள். டாக்டர் பயந்தது நடந்திருந்தது, ஆன்டிபாடி இருந்தது. அதன் வீரியத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள்: ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்குப் பதினாறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். பதினாறைத் தொட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ரத்தசோகை வருகிறதா என்று ஸ்கேனில் பார்க்கவேண்டும்; மோசமானால் வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்கு ரத்தம் ஏற்றவேண்டும் என்கிறார் டாக்டர். முதலில் நான்காக இருந்தது. போன மாதம் எட்டு.

இந்த எண் எந்தப் பக்கத்திலும் வெளியாவதில்லை. இதை எடுத்துவர நிரல் எழுத முடியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் தானாகவே கூப்பிட்டுச் சொல்கிறார். ஏன் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை. இரக்கமாக இருக்கலாம், தண்டனையாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம்.

இன்று மதியம் இரண்டே முக்காலுக்கு வந்தது அழைப்பு. அந்த நேரமே எனக்கு ஆகாது. எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, முடிவை யாராவது வாயால் சொன்னார்களா, காகிதம் கைக்கு வந்ததா என்பது.

“பேப்பரு என் கையில கீது சார். படிக்கிறேன், கேளுங்க.”

மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தங்கையின் பெயர். வயது. ரத்தம் எடுத்த தேதி. இன்றைய தேதிதானா என்று இன்னொருமுறை பார்க்கச் சொன்னேன், பார்த்துச் சொன்னார். ரத்த வகை. பரிசோதனையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதற்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, அதே வரியில்தானா, கீழ் வரியிலா என்று கேட்டேன். காகிதம் சலசலக்கும் சத்தம் கேட்டது.

“அதே வரிதான். வெரல வெச்சுகினு படிக்கிறேன்,” என்றார். “ஒண்ணுக்கு எட்டு.”

எட்டு. ஏறவில்லை. இறங்கவுமில்லை. சரி என்றேன். அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். பிரசவத்துக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது.